ஐந்நூறு ரூபாய்ச் சத்தியம்

என் வீட்டுக்காரர் வட்டிக்கு விடுகிறவர் இல்லை. இதை அவரே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். வில்லியனூர் கடைத்தெருவில் எங்களுக்கு மளிகைக் கடை. சர்க்காருக்குக் கட்டுகிற கடைவரியும் மளிகைக்கு மட்டும்தான். கூட வியாபாரம் பண்ணுகிறவர்கள் அவசரம் என்று வந்து நின்றால் கைமாத்தாகக் கொடுப்பார், அவ்வளவுதான். கொடுக்கும்போதே ஆறு மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார். ஊரில் அதை முன்வட்டி என்பார்கள். அவர் மட்டும் அதற்கு 'மரியாதை' என்று பெயர் வைத்திருந்தார்.

யுத்த காலம் அது. எங்கள் ஊரைச் சுற்றி நாலு மைல் நடந்தால் பிரெஞ்சுக்காரன் எல்லை முடிந்து இங்கிலீஷ்காரன் எல்லை வந்துவிடும். இன்னும் கொஞ்சம் நடந்தால் மறுபடி பிரெஞ்சுக்காரன் வருவான். இங்கிலீஷ்காரன் பக்கம் விவசாயிக் கடனுக்கு வட்டியைக் குறைத்து யுத்தத்துக்கு முன்பே சட்டம் போட்டிருந்தார்கள். அசலைப் போல் இரண்டு பங்கு கட்டியிருந்தால் பழைய கடனே தீர்ந்தது என்றார்கள். பிறகு அடகுக் கடை வைக்க லைசென்சு வேண்டும் என்றும் வந்தது. அதையெல்லாம் கேட்டுவிட்டு என் வீட்டுக்காரர், "நல்லவேள, நாம இந்தப் பக்கம் பொறந்தோம்" என்று பெருமூச்சு விடுவார். அவர் பிறந்தது இங்கிலீஷ்காரன் கடலூரில்.

எங்கள் பக்கத்துச் சட்டம் வேறு மாதிரி. அதை வக்கீல் வீட்டில் உட்கார்ந்து கேட்ட பிறகுதான் எனக்கே விளங்கியது. அதுவரைக்கும் எனக்குத் தெரிந்த ஒரே சட்டம் அவதிக் கிரயம்தான். அதைத் தெரிந்துகொள்ள என் நிலத்தைக் கொடுத்தேன்.

பாகூரில் ஏரிப் பாசனத்தில் எனக்கு அரைக்காணி நஞ்சை இருந்தது. என் அப்பா எனக்கென்று எழுதிக் கொடுத்தது. கடைக்குச் சரக்கு பிடிக்க முதல் வேண்டும், யுத்தத்தில் எல்லாம் விலை ஏறப்போகிறது, இப்போது வாங்கிப் போட்டால் அள்ளலாம் என்று என் வீட்டுக்காரர் ஒரு மாதம் என் காதில் ஓதினார். பாகூரில் ஒரு பெரிய பண்ணைக்காரரிடம் நானூறு ரூபாய்க்கு நிலத்தை அவதிக் கிரயமாக எழுதிக் கொடுத்தோம். விற்றது மாதிரியும் இருக்கும், விற்காத மாதிரியும் இருக்கும். பத்திரத்தில் சொன்ன கெடுவுக்குள் அதே நானூறையும் பத்திரச் செலவையும் கட்டினால் நிலம் திரும்பி வரும். ஒரு நாள் தப்பினாலும் பண்ணைக்காரருடையது. ஜட்ஜ் நினைத்தாலும் கெடுவை நீட்ட முடியாது. நடுவில் விளைகிற நெல் முழுதும் அவருக்கு. அதில் வட்டி என்ற பேச்சே வராது, அதனால் வட்டிக்கு உச்சவரம்பு வைத்த சட்டம் எதுவும் அதை எட்டிப் பார்க்காது. என் வீட்டுக்காரர் பண்ணைக்காரரின் சாமர்த்தியத்தை வழியெல்லாம் மெச்சிக்கொண்டு வந்தார்.

அந்தப் பணம் சரக்காக மாறவில்லை. அதோடு கடையிலிருந்து கொஞ்சம் போட்டு கடலோரத்து நல்லவாடு என்ற ஊரிலிருந்து வருகிற கருவாட்டு வியாபாரி ஒருவருக்குக் கைமாத்தாகக் கொடுத்துவிட்டார்.

அந்த மனிதரை எனக்குத் தெரியும். மீன் இறங்குகிற இடத்தில் மொத்தமாக வாங்கி, உப்பு போட்டு, காயவைத்து, வண்டியேற்றி உள்ளூர்ச் சந்தைகளுக்கெல்லாம் அனுப்புகிறவர். என்னை அண்ணி என்பார். என் வீட்டுக்காரரை விடப் பத்து வயது சின்னவர். உப்பும் சாக்கும் வாங்கப் பணம் வேண்டும் என்று கடைக்கு வந்தார். நான் உள்ளே மிளகாய் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஐந்நூறு. மாசம் நூத்துக்கு ரெண்டு. ஆறு மாசம் கெடு" என்றார் என் வீட்டுக்காரர்.

"இன்னாண்ணே, கொஞ்சம் கொறச்சுக்கோயேன்."

"கொறச்சுத்தான் சொல்றேன். கெடுவுக்கு ஐந்நூறு கொண்டாந்து வையி, போதும்."

அறுபது ரூபாயைத் தன் பக்கம் தள்ளி வைத்துவிட்டு நானூற்று நாற்பதை எண்ணிக் கொடுத்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காகிதம் எதுவும் எழுதவில்லை, தன் கணக்குப் புத்தகத்தில் மட்டும் குறித்துக்கொண்டார். காகிதத்தில் எழுதினால் வட்டியையும் எழுத வேண்டும். வட்டியை எழுதினால் அது வரம்புக்கு மேலே நிற்பது யார் கண்ணுக்கும் தெரியும். கடைத்தெருவில் எல்லாருமே இப்படித்தான் வாய்வார்த்தையில் கொடுத்து வாங்கினார்கள். பெரும்பாலும் திரும்பியும் வந்தது.

அந்த வருஷம் ஐப்பசியில் அடித்த காற்றில் நல்லவாட்டில் படகுகள் உடைந்தன, காயப்போட்ட கருவாடு நனைந்து புழுத்தது. கெடு வந்தபோது அவர் வெறுங்கையோடு வந்து, "ரெண்டு மாசம் பொறுத்துக்கோண்ணே" என்றார். என் வீட்டுக்காரர் பொறுத்துக்கொள்ளத் தயார்தான். அடுத்த ஆறு மாதத்துக்கான அறுபதை அங்கேயே எடுத்து வைக்கச் சொன்னார். பணமில்லை என்று வந்தவரிடம் பணமில்லாததற்குப் பணம் கேட்டார். அந்த மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்போ கோர்ட்டுல பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் நிலத்தின் கெடு பங்குனிக் கடைசி. அப்போது தை பிறந்திருந்தது. கடையில் ரொக்கம் கிடையாது, இருந்ததெல்லாம் இப்படி நாலு பேர் கையில் மரியாதையாக உட்கார்ந்திருந்தது. நான் தினமும் சோறு போடும்போது, "என் நெலம் இன்னாச்சு?" என்று கேட்பேன். அவர் ரசம் கேட்பார்.

ஒருவழியாக வழக்குப் போடலாம் என்று புதுச்சேரிக்குக் கிளம்பினார். நானும் வருவேன் என்று ரயிலில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். பொம்பளைக்கு வக்கீல் வீட்டில் என்ன வேலை என்றார். நிலம் பொம்பளையுடையது என்றேன். அதற்குப் பிறகு புதுச்சேரி ஸ்டேஷன் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

வக்கீல் தமிழர்தான். பிரெஞ்சில் படித்தவர். நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"வியாபாரி அல்லாதவர்கள் இவ்வளவு பெரிய தொகையைக் காகிதம் இல்லாமல் கொடுத்திருந்தால், சாட்சியை வைத்து நிரூபிக்கவே விடமாட்டார்கள்" என்றார். "ஆனால் நீங்களும் வாங்கியவரும் வியாபாரிகள். வியாபாரத்துக்காகக் கொடுத்த பணம். வியாபாரிகளுக்குள் சாட்சி போதும், கணக்குப் புத்தகம் போதும். அசலை வாங்கிவிடலாம்."

"வட்டி?"

"வட்டி வாய்வார்த்தையில் செல்லாது. வட்டி விகிதம் எழுத்தில் இருக்க வேண்டும், வியாபாரியாக இருந்தாலும் சரி. எழுத்து இல்லாவிட்டால், வழக்குப் போட்ட நாளிலிருந்து சட்டம் சொல்கிற வட்டி மட்டும்தான் கிடைக்கும். சரி, கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவாருங்கள்."

என் வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அந்தப் புத்தகத்தில் இந்த ஒரு கைமாத்து மட்டுமா இருக்கிறது? முப்பது பேருடையது இருக்கிறது, முப்பதும் முன்வட்டியோடு. கோர்ட்டில் அதை விரித்தால் மளிகைக் கடைவரி கட்டிக்கொண்டு இவர் நடத்தும் இன்னொரு தொழில் வெளியே வந்துவிடும்.

"புஸ்தகம் எலி கடிச்சுப் போச்சு" என்றார்.

"சாட்சி?"

பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேரையும் அதற்கு முன்பே கேட்டுப் பார்த்திருந்தோம். ஒருவர் அன்று தனக்குக் கண்வலி என்றார். இன்னொருவர் அன்றைக்கு ஊரிலேயே இல்லையாம், இத்தனைக்கும் பணத்தை எண்ணச் சில்லறை மாற்றிக் கொடுத்ததே அவர்தான். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. சாட்சிக் கூண்டில் ஏறினால் நீ எப்படிக் கொடுக்கிறாய் என்று அடுத்த கேள்வி வரும்.

பெண்டாட்டி சாட்சி செல்லாது என்று வக்கீல் என்னையும் தள்ளிவிட்டார். "ஒன்றுதான் மிச்சம். எதிராளியையே சத்தியம் பண்ணச் சொல்லலாம். வழக்கே அந்தச் சத்தியத்தில் தீர்ந்துவிடும். வாங்கவில்லை என்று அவர் சத்தியம் பண்ணினால் நீங்கள் தோற்றீர்கள். அது பொய் என்று பிறகு நிரூபிக்கவே விடமாட்டார்கள். பண்ண மறுத்தால் அவர் தோற்றார். மூன்றாவதாக, நான் பண்ண மாட்டேன், அவரே பண்ணட்டும் என்று உங்கள் பக்கம் திருப்பிவிடலாம். அப்போது நீங்கள் பண்ணினால் ஜெயிப்பீர்கள்."

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "அது போதும். கடலுக்குப் போற குடும்பம். வருஷா வருஷம் வீராம்பட்டினத்து அம்மனுக்குத் தேர் இழுக்கிறவன். வாயி வராது அவனுக்கு."

இவருடைய வழக்கு முழுக்க எதிராளி யோக்கியன் என்ற நம்பிக்கையில் நின்றது. ஏமாற்றுக்காரன் என்று வழக்குப் போடுகிற ஆளைப் பற்றி அப்படி ஒரு நம்பிக்கை.

"என்ன தொகை போட?" என்று வக்கீல் பேனாவை எடுத்தார்.

"ஐந்நூறு."

"கையில் கொடுத்தது எவ்வளவு?"

நான் சொன்னேன்: "நானூத்தி நாப்பது. நான் பாத்தேன்."

"அப்படியானால் அதைத்தான் போட வேண்டும். கையில் கொடுத்ததுதான் கடன். சத்தியத்தில் வருகிற வார்த்தை ரொம்ப முக்கியம்."

"போடக் கூடாது" என்றார் என் வீட்டுக்காரர். "நானூத்தி நாப்பதுன்னு நானே எழுதிக் குடுத்தா, மீதி அறுபது இன்னான்னு கேப்பான். முன்வட்டி புடிச்சேன்னு நானே ஒத்துக்கணும். அப்புறம் அந்த முப்பது பேரும் நாளைக்கு வந்து எனக்கும் கொறச்சுக்கோன்னு நிப்பாங்க. ஐந்நூறுன்னா ஐந்நூறுதான். அவன் ஐந்நூறுக்குத்தான ஒத்துக்கிட்டான்?"

"ஒத்துக்கொண்டது வேறு, வாங்கியது வேறு" என்றார் வக்கீல்.

"எங்க தெருவுல ரெண்டும் ஒண்ணுதான்."

நான் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். "எனக்கு நானூறு வந்தா போதும்யா. நெலம் வந்துடும். அறுபத வுட்டுத் தொலையேன்." வக்கீல் வீடு என்றுகூடப் பார்க்காமல் கெஞ்சினேன். அறுபது ரூபாயை விடுவதற்கு அவருக்கு மனசு வரவில்லை. இதில் விசேஷம் என்னவென்றால், அந்த அறுபது அவர் கையை விட்டுப் போகவே இல்லை. கடைப் பெட்டியில்தான் இருந்தது. வக்கீல் என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார், பிறகு ஐந்நூறு என்று எழுதினார்.

கோர்ட்டில் எல்லாம் பிரெஞ்சில் நடந்தது. ஒரு மொழிபெயர்ப்பாளர் நின்று வரி வரியாகத் தமிழில் சொன்னார். நல்லவாட்டுக்காரர் வெள்ளை வேட்டி கட்டி, முகம் கறுத்து, முன்னால் நின்றார். அவருடன் யாரும் வரவில்லை. மொழிபெயர்ப்பாளர் காகிதத்தைப் பார்த்துப் படித்தார்: இன்னாரிடமிருந்து ரூபாய் ஐந்நூறு கடனாக நான் பெற்றுக்கொள்ளவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும்.

அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். "எவ்ளோன்னீங்க?"

"ஐந்நூறு."

"ஐந்நூறு என் கைக்கு வந்துச்சான்னா கேக்குறாங்க?"

"ஆமாம். உனக்குச் சத்தியம் பண்ண இஷ்டமில்லை என்றால் அவர் பக்கம் திருப்பிவிடலாம் என்கிறார் ஜட்ஜ் துரை."

அவர் திரும்பி எங்களைப் பார்த்தார். என் வீட்டுக்காரருக்குக் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. நல்லவாட்டுக்காரர் இந்தப் பக்கம் திருப்பிவிட்டால், இந்த மனுஷர் கையைத் தூக்கி, ஐந்நூறு கொடுத்தேன் என்று சொல்லிவிடுவார். எனக்குச் சந்தேகமே இல்லை. வழக்கும் ஜெயித்துவிடும், நிலமும் வந்துவிடும். வரட்டும் என்று ஒரு பக்கம் மனசு தவித்தது. வேண்டாம் சாமி என்று இன்னொரு பக்கம் அடித்துக்கொண்டது.

அவர் ஜட்ஜ் பக்கம் திரும்பி வலது கையைத் தூக்கினார். "ஐந்நூறு ரூபா நான் வாங்கல. என் அம்மன் மேல சத்தியம்."

அவ்வளவுதான். வழக்குத் தள்ளுபடி. கோர்ட்டுச் செலவும் எங்கள் தலையில்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் பொய்ச் சத்தியம், பொய்ச் சத்தியம் என்று கத்தினார். வக்கீல் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டே, "அவர் சொன்னதில் எது பொய்?" என்று கேட்டார். மறுபடி நானூற்று நாற்பதுக்கு ஒரு வழக்குப் போடலாமா என்றதற்கு, இதே கடனுக்கு இனி எந்த வழக்கும் நிற்காது என்று சொல்லிவிட்டுப் போனார். ரயிலில் நான் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு வில்லியனூர் வரை அழுதேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள், வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று விசாரித்தாள். ஆமாம், அரைக்காணி என்று சொல்ல வாய் வந்தது.

பங்குனி பாதி ஆனபோது, ஒரு நாள் உச்சிவெயிலில் நல்லவாட்டுக்காரர் கடை வாசலில் வந்து நின்றார். மடியை அவிழ்த்து ஒரு துணி முடிப்பை எடுத்துத் தராசுப் பலகையில் வைத்தார்.

"நானூத்தி நாப்பது இருக்கு. எண்ணிக்கோண்ணே."

என் வீட்டுக்காரர் முடிப்பைப் பார்த்தார், தொடவில்லை. "கோர்ட்டுல வாங்கலேன்னியே?"

"ஐந்நூறு வாங்கலேன்னேன். வாங்குனத வாங்கலேன்னு எங்க சொன்னேன்? அந்த ஜட்ஜி நானூத்தி நாப்பதுன்னு கேட்டிருந்தா அங்கயே ஆமான்னிருப்பேன்."

"கோர்ட்டே உன்ன வுட்டுடுச்சு. அப்புறம் இன்னாத்துக்குக் கொண்டாந்த?"

அவருக்கு அது கேள்வியாகவே படவில்லை. "கோர்ட்டு வுட்டா? நாளைக்கு உப்புக்குப் பணம் வேணும்னு இந்தத் தெருவுல கைய நீட்டுனா ஜட்ஜியா வந்து குடுப்பாரு?"

கடைத்தெருவில் காகிதம் இல்லாமல் பணம் திரும்பி வந்ததற்கு எது காரணம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. என் வீட்டுக்காரருக்கும் புரிந்திருக்கும். ஆனால் அவர் முடிப்பைப் பலகையின் ஓரத்துக்குத் தள்ளினார்.

"எடுத்துக்கினு போ. முழுசா ஐந்நூறு கொண்டா. இத வாங்குனா கோர்ட்டுல நான் சொன்னது பொய்யின்னு ஆயிடும்."

"பொய்தானேண்ணே" என்றார் அவர், சண்டைக்கு இழுக்காமல், நாள் கிழமை சொல்லுகிற மாதிரி. "அதுக்குத்தான் அன்னிக்கு உன் பக்கம் திருப்பாம வுட்டேன். திருப்பியிருந்தா நீ கையத் தூக்கியிருப்ப. என் கடனுக்காவ நீ எதுக்குண்ணே அந்தப் பாவத்தச் சொமக்கணும்?"

கடைக்கு வந்திருந்த இரண்டு பேர் பருப்பை மறந்து நின்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கும் வெட்கத்துக்கும் அளவில்லை. உள்ளேயிருந்து எழுந்து வந்து முந்தானையை நீட்டினேன்.

"இதுல போடு தம்பி" என்றேன்.

"ஏய்" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்க வாங்கலியே. நான்தான வாங்குறேன். நீங்க கோர்ட்டுல சொன்னதுக்கு ஒரு கொறையும் வராது."

மறுநாள் காலையே வண்டி பிடித்துப் பாகூருக்குப் போனேன். பண்ணைக்காரருக்கு என்னைப் பார்த்ததில் சந்தோஷமில்லை. வாரக் கடைசியில் வாயேன் அம்மா, நாள் நன்றாக இல்லை என்றார். பஞ்சாங்கத்தில் நல்ல நாளைத் தேடித் தேடிக் கெடுவைத் தாண்டவைக்கிற வித்தை அது. நான் அங்கிருந்து நகரவில்லை. பத்திரம் எழுதுகிறவரையும் வரவழைத்து, நானூறையும் செலவையும் எண்ணி வைத்து, மீட்புப் பத்திரத்தில் என் பெயரை நானே எழுதிவிட்டுத்தான் தண்ணீர் குடித்தேன்.

என் வீட்டுக்காரர் இரண்டு மாதம் பேசவில்லை. நல்லவாட்டுக்காரர் தனக்கு அறுபது ரூபாய் தர வேண்டும் என்று அவர் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனிதரோ அடுத்த பருவத்தில் எதிர்க் கடையில் கைமாத்து வாங்கினார். சொன்ன நாளில் திருப்பிக் கொடுத்தார் என்று கேள்வி.

தை அறுவடைக்கு என் வீட்டுக்காரர், பார்த்துவிட்டு வருகிறேன் என்று தானாகவே என்னோடு பாகூர் வந்தார். வரப்பில் நின்று கதிரைப் பார்த்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"நானூறு ரூபா" என்றார். "மாசம் ரெண்டுன்னு வையி. எட்டு ரூபா. இங்க சும்மா கெடக்குது பாரு."

ஆள்களுக்குப் போட்டு மிச்சமிருந்த சோற்றை இலையில் வைத்து, புளிக்குழம்பை ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். அந்த வயலில் முன்னே அறுத்த மூலையின் நெல்லைக் குத்தி வடித்தது. வரப்பிலேயே உட்கார்ந்து குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் போடு என்றார்.